மத்தாப்பு அணைஞ்சதும் வீடியோ முடியுது... ஆபத்து அங்கேதான் ஆரம்பிக்குது!

தீபாவளி ராத்திரி ஃபேமிலி குரூப்பில் வந்து விழும் வீடியோக்கள் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கும். புதுப் பாவாடையில் ஒரு குட்டிப் பாப்பா. கையில் கம்பி மத்தாப்பு. பின்னணியில் அம்மாவின் குரல்: "இங்க பாரு... அம்மாவைப் பாரு... சிரி!" பொறி பறக்கிறது, பாப்பா சிரிக்கிறாள், மத்தாப்பு அணைகிறது. வீடியோவும் அங்கேயே முடிகிறது.

அதற்கு அடுத்த பத்து விநாடியில் என்ன நடக்கிறது என்பதை யாரும் படம் பிடிப்பதில்லை. பிடிக்கவும் முடியாது. ஏனென்றால் எடுத்தவர் தலையைக் குனிந்து, எடுத்த வீடியோ நன்றாக வந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார். நன்றாக இருந்தால் ஸ்டேட்டஸில் போடுவார். அந்தப் பத்து விநாடியும் குழந்தையின் கையில் எரிந்து முடிந்த கம்பி இருக்கிறது. வெளிச்சம் போய்விட்டதால் அது பாப்பாவுக்கு வெறும் குச்சி. இன்னொரு கையால் தொடலாம். தம்பியிடம் நீட்டலாம். தரையில் போட்டுவிட்டு வெறுங்காலில் மிதிக்கலாம்.

சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் தீபாவளி பாதுகாப்பு என்பது, நெருப்பு எரியும்போது கவனமாக இருப்பதைவிட, அது அணைந்த பிறகு கவனமாக இருப்பதுதான். மத்தாப்பு, வெடிக்காத வெடி, அகல் விளக்கு, பட்டுவிட்ட தீக்காயம் என எல்லாவற்றிலும் 'முடிஞ்சிடுச்சு' என்று பெரியவர்கள் நினைக்கும் இடத்தில்தான் கோட்டை விடுகிறார்கள்.

பயமுறுத்தும் வீடியோ ஏன் பலன் தராது?

பண்டிகை வாரத்தில் பாதுகாப்பு பற்றி இரண்டு வகை வீடியோக்கள் சுற்றும். ஒன்று, பயமுறுத்தும் ரகம். கை வெந்த படம், அலறல் சத்தம், சோக மியூசிக். இன்னொன்று 'வீட்டு வைத்திய' ரகம். தீ பட்டால் டூத்பேஸ்ட் தடவுங்கள், இட்லி மாவு தடவுங்கள் என்பது போல.

இரண்டாவது ரகம் நேரடியாகவே தவறு. அதற்குப் பிறகு வருவோம். முதல் ரகத்தில் இருக்கும் சிக்கல் வேறு. அது என்ன ஆகும் என்று காட்டுகிறது, என்ன செய்ய வேண்டும் என்று காட்டுவதில்லை. நாலு வயசுக் குழந்தைக்கு அதைக் காட்டினால், பயம் மட்டும்தான் மனதில் நிற்கும். பயந்த குழந்தை பொறி ஒன்று காலில் பட்டதுமே ஓடும். கையில் மத்தாப்போடு ஓடும். பாவாடையில் தீ பிடித்தால் ஓடுவதுதான் மிகப் பெரிய ஆபத்து. காற்று பட்டு தீ மேலே ஏறும்.

குழந்தைக்கும் பெரியவர்களுக்கும் தேவைப்படுவது சத்தமில்லாத, அவசரமில்லாத, மூணு நிமிஷ செயல்முறைதான். அதில் பொறி பறக்கும் காட்சியைவிட அணைந்த பிறகு வரும் காட்சிகளுக்கு அதிக நேரம் தரவேண்டும். அந்தக் காட்சிகளில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

கறுத்த கம்பி ஏன் சுடுகிறது?

எரியும் கம்பி மத்தாப்பின் வெப்பம் சுமார் 1,000 டிகிரி செல்சியஸ் அளவுக்குப் போகும். தண்ணீர் கொதிப்பது 100 டிகிரியில். வடை சுடும் எண்ணெய் சுமார் 180 டிகிரி. வடைச் சட்டிக்கு அருகில் குழந்தையை விடாத அதே வீட்டில்தான், அதைவிடப் பல மடங்கு சூடான ஒன்றைக் குழந்தை கையில் முதலில் கொடுக்கிறோம். காரணம், அது சத்தம் போடுவதில்லை. அணுகுண்டு பயமுறுத்துகிறது, மத்தாப்பு அழகாக இருக்கிறது. காது சொல்வதைக் கேட்டுத்தான் எது ஆபத்து என்று முடிவு செய்கிறோம்.

அணைந்த பிறகு நடப்பது இன்னும் ஏமாற்றும். மத்தாப்பின் நடுவில் இருப்பது இரும்புக் கம்பி. உலோகம் சிவந்து ஒளிர்வது ஏறக்குறைய 500 டிகிரிக்கு மேல் இருக்கும்போதுதான். அதற்குக் கீழே இறங்கியதும் சிவப்பு மறைந்து கறுப்பாகிவிடும். அதாவது, 'அணைஞ்சிடுச்சு' என்று கண் சொல்லும் நேரத்தில் கம்பி இன்னும் சில நூறு டிகிரி சூட்டில் இருக்கலாம். பார்த்துக் கண்டுபிடிக்க வழியே இல்லை.

பெரியவர் கையில் பட்டால் சட்டென்று உதறிவிடுவார். ஒன்றரை வயசுக் குழந்தைக்கு அந்த வேகம் கிடையாது. கையில் கிடைத்ததை இறுக்கிப் பிடிப்பதுதான் அந்த வயதின் இயல்பு. சுடுகிறது என்று புரிந்து விரலை விரிப்பதற்குள், மெல்லிய தோல் ஆழமாக வெந்துவிடும். உள்ளங்கையில் ஆழமான தீக்காயம் ஆறும்போது தோல் சுருங்கி, விரல்களை முழுசாக விரிக்க முடியாமல் போகும் அபாயமும் உண்டு. ஆகவே சின்னக் காயம்தானே என்று விடக்கூடிய விஷயம் இது இல்லை.

சிலர் "குட்டிக் குழந்தைக்குக் குட்டி மத்தாப்பு" என்று 7 செ.மீ. மத்தாப்பை வாங்கிக் கொடுப்பார்கள். அதில் கைக்கும் நெருப்புக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி இன்னும் குறைவு. எரிந்து முடியும்போது நெருப்பு விரலுக்கு வெகு அருகில் வந்துவிடும். இன்னும் சிலர் 'பசுமைப் பட்டாசு' முத்திரையைப் பார்த்து நிம்மதி அடைவார்கள். பசுமைப் பட்டாசு என்பது புகையும் மாசும் குறைவு என்பதற்கான பெயர். சூடு குறைவு என்று அர்த்தம் இல்லை.

எந்த வயசில் கையில் கொடுக்கலாம்?

ஐந்து வயதுக்குக் கீழே மத்தாப்பைக் கையில் கொடுக்கவே வேண்டாம் என்பதுதான் பிரிட்டனில் பட்டாசுப் பாதுகாப்பு பற்றிப் பேசும் அமைப்புகளின் நெடுநாள் அறிவுரை. நம் வீடுகளுக்கும் அது அப்படியே பொருந்தும். 'நான் கையைப் பிடிச்சுக்கிறேனே' என்பது தீர்வு ஆகாது. குழந்தையின் கையைப் பிடித்திருக்கும்போது, பெரியவரின் முகமும் குழந்தையின் முகமும் சேர்ந்தே பொறிக்குப் பக்கத்தில் இருக்கும். இடுப்பில் குழந்தையை வைத்துக்கொண்டு இன்னொரு கையில் மத்தாப்பு பிடிப்பது அதைவிட மோசம். குழந்தை கை நீட்டினால் தடுக்க மூன்றாவது கை கிடையாது.

ஐந்து வயதுக்கு மேல் உள்ள பிள்ளைக்குக் கொடுக்கலாம். ஆனால் ஒரு நேரத்தில் ஒரே ஒரு மத்தாப்பு, பக்கத்தில் ஒரே ஒரு பெரியவர். பற்றவைத்த மத்தாப்பை இன்னொருவர் கைக்கு மாற்றக் கூடாது. பற்றவைக்காத மத்தாப்பைப் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு, பிறகு பெரியவர் பற்றவைக்க வேண்டும். இரண்டு மூன்றைச் சேர்த்துக் கட்டிக் கொளுத்தினால் ஒன்றின் சூடு இன்னொன்றைப் பற்றவைத்து, எல்லாம் ஒரே நேரத்தில் குபீரென்று எரியும். அந்த விளையாட்டு எந்த வயசுக்கும் வேண்டாம்.

ஒரு சாயங்காலம், ஒரு குடும்பம்

உதாரணத்துக்கு ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். சென்னையில் ஓர் அபார்ட்மென்ட். அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி. நாலு வயசு மகள், ஒன்றரை வயசு மகன். பண்டிகைக்கு வந்திருக்கும் சித்தியும் அவர் பையனும். பையனுக்கு ஏழு வயசு. தமிழக அரசு 2018 முதல் அறிவித்து வரும் நேரப்படி, சாயங்காலம் 7 முதல் 8 மணி வரை ஒரு மணி நேரம் பட்டாசு வெடிக்கலாம். ஒரு மணி நேரம்தான் என்பது உண்மையில் நல்ல வசதி. திட்டம் போட்டுச் செய்ய முடியும்.

6.30 மணிக்கு அப்பா கீழே இறங்கி இடத்தைத் தேர்வு செய்கிறார். பார்க்கிங்கில் வேண்டாம், அங்கே பெட்ரோலோடு பைக்குகள் நிற்கின்றன. காய்ந்த சருகும் துணிக் கொடியும் இல்லாத திறந்த இடம்தான் சரி. இரண்டு பக்கெட் தண்ணீர் வைக்கிறார். ஒன்று, எரிந்த கம்பிகளைப் போட. இன்னொன்று, மக்கோடு சுத்தமான தண்ணீர். யாருக்காவது பட்டுவிட்டால் ஊற்றுவதற்கு மட்டும். கம்பி போட்ட தண்ணீரில் மருந்துத் துகள்கள் கலந்திருக்கும், அதைக் காயத்தில் ஊற்றக் கூடாது.

பாட்டி கோலமாவு எடுத்து வந்து தரையில் ஒரு கோடு போடுகிறார். புஸ்வாணமும் சங்குசக்கரமும் வைக்கும் இடத்திலிருந்து குறைந்தது பதினைந்து அடி தள்ளி. "இந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம்தான் நம்ம வீடு" என்று பேத்தியிடம் சொல்கிறார். 'தள்ளி நில்லு' என்று நூறு தடவை கத்துவதைவிட, கண்ணுக்குத் தெரியும் ஒரு கோடு குழந்தைக்கு நன்றாகப் புரியும்.

உடைகளை மாற்றுகிறார்கள். புதுத் துணியைக் காலையில் போட்டாயிற்று, போட்டோவும் எடுத்தாயிற்று. பட்டாசுக்குக் கீழே வரும்போது உடம்போடு ஒட்டிய பருத்தி உடை, காலை மூடும் ஷூ. நைலான், பாலியஸ்டர் கலந்த துணி தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். பருத்தியும் எரியும் என்பதால் தொளதொளவென்று தொங்கும் பாவாடையோ துப்பட்டாவோ வேண்டாம். செருப்பு போட்டால் பொறியும் கம்பியும் விரலில் படும்.

பிறகு வேலை பிரிப்பு. அப்பா பற்றவைப்பார். அம்மா மகளோடு கோட்டுக்குப் பின்னால் நிற்பார். சித்தி தன் பையனோடு. பாட்டி, ஒன்றரை வயசுப் பேரனோடு முதல் மாடி வீட்டில் ஜன்னலை மூடிக்கொண்டு கண்ணாடி வழியாகப் பார்ப்பார். தாத்தா பக்கெட் பக்கம். அப்போ வீடியோ எடுப்பது யார்? இந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான்: குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பில் இருப்பவர் வீடியோ எடுக்க மாட்டார். வீடியோ எடுப்பவரைக் காவல் கணக்கில் சேர்க்கக் கூடாது. ஸ்க்ரீனில் பார்க்கும்போது பொறிக்கும் பாவாடைக்கும் எவ்வளவு இடைவெளி என்று சரியாகத் தெரியாது. ஆள் குறைவு என்றால் போனை ஒரு ஸ்டாண்டில் வைத்து ஓடவிடலாம். இல்லையென்றால் அந்த வருஷம் வீடியோ வேண்டாம்.

நாலு வயசு மகளுக்கு மத்தாப்பு கிடையாது. ஆனால் அவளுக்குத்தான் அந்தச் சாயங்காலத்தின் பெரிய வேலை. எண்ணுவது. ஒரு மத்தாப்பு டப்பாவில் 10 கம்பி. ஒவ்வொன்றும் எரிந்து முடிந்ததும், ஏழு வயசு அண்ணன் கம்பியைத் தலைகீழாக, சுட்ட முனை கீழே இருக்கும்படி பக்கெட்டில் விடுகிறான். 'ஸ்ஸ்ஸ்' என்று சத்தம் கேட்கிறது. கறுத்த கம்பி எவ்வளவு சூடு என்பதை எந்த வீடியோவைவிடவும் தெளிவாகச் சொல்லிக் கொடுப்பது அந்தச் சத்தம்தான். "ஒண்ணு... ரெண்டு..." என்று மகள் எண்ணுகிறாள்.

டப்பா காலி. "எத்தனை?" என்று தாத்தா கேட்கிறார்.

"ஒன்பது தாத்தா!"

எல்லோரும் நிற்கிறார்கள். அடுத்த டப்பாவைப் பிரிப்பதில்லை. பத்தாவது கம்பி செடித் தொட்டி ஓரத்தில் கிடக்கிறது. தாத்தா டார்ச் அடித்து, இடுக்கியால் எடுத்து, பக்கெட்டில் போடுகிறார். அதன் பிறகுதான் புஸ்வாணம்.

பத்து வெளியே போனால் பத்து தண்ணீருக்குள் வர வேண்டும். இந்த ஒரு கணக்கை மட்டும் பிடித்துக்கொண்டாலே, இருட்டில் வெறுங்காலில் கம்பியை மிதிக்கும் விபத்து கிட்டத்தட்ட இல்லாமல் போகும்.

பற்றாத வெடியும் மறுநாள் காலையும்

அப்பா வைத்த புஸ்வாணங்களில் ஒன்று பற்றவில்லை. திரி எரிந்த மாதிரி தெரிந்தது, பிறகு ஒன்றுமில்லை. இந்த இடத்தில் பெரும்பாலானவர்கள் செய்வது, ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, கிட்டே போய்க் குனிந்து பார்ப்பது. திரி உள்ளே கனன்றுகொண்டிருந்தால் புஸ்வாணம் சரியாக அந்த முகத்தை நோக்கித்தான் சீறும்.

சரியான வழி சலிப்பானது. குறைந்தது அரை மணி நேரம் அதன் பக்கம் போகக் கூடாது. பிறகு, மேலே குனியாமல், கையை நீட்டி ஒரு மக் தண்ணீரை அதன் மேல் ஊற்ற வேண்டும். மறுபடி பற்றவைக்க முயற்சி செய்யவே கூடாது. அந்த அரை மணி நேரமும் ஒரு பெரியவர் அங்கேயே நிற்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்தப் புஸ்வாணத்தின் கதை தெரியாது இல்லையா!

மறுநாள் காலை இதைவிட முக்கியம். 90-களில் தெருவில் வளர்ந்த யாருக்கும் இது ஞாபகம் இருக்கும். விடிந்ததும் குப்பையைக் கிளறி, வெடிக்காத வெடிகளைப் பொறுக்கி, பிரித்து, மருந்தைக் காகிதத்தில் கொட்டிக் கொளுத்துவது. காசில்லாத பட்டாசு என்ற சந்தோஷம். குவித்த மருந்து ஒரே மூச்சில் எரியும், அதைப் பற்றவைக்கும் முகம் ஒரு சாண் தூரத்தில் இருக்கும். இப்போதும் பிள்ளைகள் இதைச் செய்கிறார்கள். தடுக்க ஒரே வழி, இரவே பெருக்கி, எல்லாவற்றையும் தண்ணீரில் ஊறவைத்து, மறுநாள் ஈரத்தோடு குப்பையில் போடுவது. "காலையில பார்த்துக்கலாம்" என்று விட்டால், பிள்ளைகள் நமக்கு முன்னால் எழுந்துவிடுவார்கள்.

விளக்கைக் 'குளிரவைப்பது'

தமிழ் வீடுகளில் விளக்கை 'அணை' என்று சொல்ல மாட்டார்கள். 'குளிரவை' என்பார்கள். மங்கல வழக்காகச் சொல்வது அது. ஆனால் பாதுகாப்புக்கும் அதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது. சுடர் போவதோடு விளக்கின் ஆபத்து போவதில்லை. எண்ணெயும் மண்ணும் குளிர வேண்டும்.

தீபாவளி முடிந்த சில வாரங்களில் கார்த்திகை தீபம் வந்துவிடும். வாசல், படிக்கட்டு, பால்கனி எல்லாம் வரிசையாக அகல் விளக்கு. அகல் இருப்பது தரையில். தவழும் குழந்தையும், தத்தித் தத்தி நடக்கும் குழந்தையும் இருப்பதும் தரையில். பெரியவர்களுக்குக் கால் உயரத்தில் இருக்கும் சுடர், குழந்தைக்கு முகத்துக்கு நேரே இருக்கிறது. அந்தக் குழந்தை இருக்கும் வருஷங்களில் தரை வரிசையைக் கைவிட்டு, குழந்தை கை எட்டாத மாடத்திலோ உறுதியான திட்டின் மேலோ விளக்கு வைக்கலாம். விரிப்பு தொங்கும் மேஜை வேண்டாம். குழந்தை விரிப்பை இழுத்தால் விளக்கு தலையில் வரும். பூஜை அறையில் இருக்கும் உயரமான குத்துவிளக்கும் அப்படித்தான். பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கப் பார்க்கும் குழந்தைக்கு அது நல்ல கம்பம் மாதிரி தெரியும்.

புது அகலைச் சில மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்துத் துடைத்து வைக்கும் பழக்கம் பாட்டிகளிடம் உண்டு. மண் எண்ணெயைக் குடிக்காமல் இருக்க அப்படிச் செய்வார்கள். ஊறவைக்காத அகலில் எண்ணெய் கசிந்து வெளிப்புறம் வரை பிசுபிசுக்கும். திரி விளிம்பைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தால் அந்தக் கசிந்த எண்ணெயிலும் தீ பிடிக்கும். அதனால் திரி கொஞ்சமாக மட்டும் வெளியே தெரியட்டும். எண்ணெயை விளிம்பு வரை ஊற்ற வேண்டாம். ஒவ்வொரு அகலுக்கும் அடியில் ஒரு தட்டு இருக்கட்டும்.

குளிரவைக்கும்போது, குழந்தையை விட்டு ஊதச் சொல்வது பர்த்டே கேக் பழக்கம். விளக்கில் அது வேண்டாம். ஊதினால் சூடான எண்ணெய் தெறிக்கும், குனிந்த தலைமுடி சுடருக்கு அருகில் போகும். ஒரு சின்னக் குச்சியால் திரியை எண்ணெய்க்குள் தள்ளினால் போதும். அதன் பிறகு அகலை உடனே எடுத்துக்கொண்டு நடக்காமல், நன்றாக ஆறும் வரை அங்கேயே விட வேண்டும். அதுவரை ஒரு பெரியவரும் அங்கேயே.

மத்தாப்புக்கு வைத்த பக்கெட் தண்ணீர் இங்கே உதவாது. எரியும் எண்ணெயில் தண்ணீர் ஊற்றினால் தண்ணீர் சட்டென்று ஆவியாகி, எரியும் எண்ணெயை நாலாபுறமும் வீசும். அகலில் தீ பெரிதாகிவிட்டால் ஒரு எவர்சில்வர் டப்பாவைக் கவிழ்த்து மூடினால் போதும். காற்று இல்லாமல் தானாகவே அடங்கும். விளக்கு வரிசைக்குப் பக்கத்தில் ஒரு காலி டப்பா வைத்திருப்பது நல்ல பழக்கம்.

எல்.இ.டி. விளக்கு முழுப் பாதுகாப்பா?

"எதுக்கு வம்பு, எல்.இ.டி. தீபமே வச்சிடலாம்" என்று முடிவெடுக்கும் வீடுகள் அதிகமாகி வருகின்றன. தீ இல்லை என்பது உண்மைதான். ஆனால் சின்ன எல்.இ.டி. தீபங்கள் பலவற்றில் காசு வடிவ பட்டன் பேட்டரி இருக்கிறது. கீழே இருக்கும் மூடி நகத்தால் தள்ளினாலே கழன்றுவிடும் ரகமும் உண்டு. ஒன்றரை வயசுக் குழந்தைக்கு அந்த பேட்டரி மிட்டாய் மாதிரி.

விழுங்கிய பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால், அங்கிருக்கும் ஈரத்தில் மின்சாரம் ஓடி, திசுவை அரிக்கும் காரப்பொருள் உருவாகும். இரண்டே மணி நேரத்துக்குள் கடுமையான புண் ஏற்பட்டுவிடலாம். ஆகவே மூடியில் ஸ்க்ரூ இருக்கும் தீபத்தை மட்டும் வாங்க வேண்டும். பண்டிகை முடிந்ததும் அதைப் பொம்மைக் கூடையில் போடக் கூடாது. பேட்டரியைக் கழற்றி, டேப் சுற்றி, உயரத்தில் வைக்க வேண்டும். ஒரு பேட்டரி காணாமல் போய், குழந்தைக்கு எச்சில் வடிவதும் சாப்பிட மறுப்பதும் தெரிந்தால், காத்திருக்காமல் உடனே மருத்துவமனை. வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும், விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகமே கிளம்பப் போதுமான காரணம்.

பட்டுவிட்டால்... முதல் 20 நிமிஷம்

இவ்வளவுக்குப் பிறகும் பட்டுவிடலாம். அப்போது வீட்டில் நடக்கும் குழப்பம் தெரிந்ததுதான். ஒருவர் ஐஸ் எடுக்க ஓடுவார், ஒருவர் டூத்பேஸ்ட், பாட்டி இட்லி மாவு. குழந்தை அழும், பெரியவர்கள் ஒருவரை ஒருவர் திட்டுவார்கள்.

செய்ய வேண்டியது ஒன்றுதான். சாதாரணக் குழாய்த் தண்ணீரைக் காயத்தின் மேல் 20 நிமிஷம் ஓடவிட வேண்டும். குழாய் இல்லை என்றால் அந்த இரண்டாவது பக்கெட்டிலிருந்து மக்கால் மெதுவாக ஊற்றிக்கொண்டே இருக்கலாம். தோலின் மேற்பரப்பு ஆறினாலும், உள்ளே இறங்கிய சூடு தொடர்ந்து வேகவைத்துக்கொண்டிருக்கும். இங்கேயும் அதே கதைதான். நெருப்பு போய்விட்டது, சூடு போகவில்லை. இரண்டு நிமிஷத்தில் குழந்தை அழுகையை நிறுத்தினாலும் 20 நிமிஷம் முழுசாக ஊற்ற வேண்டும். உடனே செய்ய முடியாமல் போனாலும், மூன்று மணி நேரத்துக்குள் செய்தால் பலன் உண்டு. உடம்பின் மற்ற பகுதி குளிரில் நடுங்காமல் ஒரு துண்டு சுற்றிவிடலாம்.

வீங்குவதற்கு முன் வளையலையும் மோதிரத்தையும் கழற்ற வேண்டும். தோலில் ஒட்டிய துணியைப் பிய்க்கக் கூடாது. கொப்புளத்தை உடைக்கக் கூடாது. ஐஸ் வேண்டாம், அது வெந்த தோலை இன்னும் கெடுக்கும். டூத்பேஸ்ட், மாவு, மை, மஞ்சள் எதுவும் வேண்டாம். அவை கிருமிகளை உள்ளே கொண்டுபோகும், காயத்தின் ஆழத்தை மறைக்கும். மருத்துவர் அதைச் சுரண்டி எடுக்கும்போது வலி தாங்க வேண்டியதும் அந்தக் குழந்தைதான். சுத்தமான பருத்தித் துணியால் லேசாக மூடினால் போதும்.

எப்போது மருத்துவமனை? காயம் அந்தக் குழந்தையின் சொந்த உள்ளங்கையைவிடப் பெரிதாக இருந்தால். அளவு சிறிதாக இருந்தாலும் முகம், கை, பாதம், மூட்டு, பிறப்புறுப்பு ஆகிய இடங்களில் இருந்தால். ஒரு வயசுக்குக் கீழே உள்ள குழந்தை என்றால், எந்தத் தீக்காயமாக இருந்தாலும். கண்ணில் பட்டால் கசக்கக் கூடாது, அழுத்தக் கூடாது, வீட்டில் இருக்கும் சொட்டு மருந்தை விடக் கூடாது. ஒரு பேப்பர் கப்பைக் கண்ணைச் சுற்றிப் படும்படி மெதுவாகக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு கண் மருத்துவரிடம் போக வேண்டும். ஆம்புலன்ஸுக்கு 108.

துணியில் தீ பிடித்தால் மூன்று வார்த்தைகள்: நில், படு, உருள். இதைக் குழந்தைக்கு ஒரு நாள் முன்பே வீட்டு ஹாலில், பாயின் மேல், விளையாட்டாகச் சொல்லிக் கொடுக்கலாம். சிரித்துக்கொண்டே கற்றுக்கொண்டது பதற்றத்தில் ஞாபகம் வரும். பயந்துகொண்டு பார்த்தது வராது.

அந்த மூணு நிமிஷ வீடியோ

அப்படியென்றால் வீடியோவே வேண்டாமா? வேண்டும். ஆனால் தீபாவளிக்கு முந்தின நாள், வெளிச்சமான பகலில், எதையும் கொளுத்தாமல் எடுக்கும் வீடியோ. நாலு வயசு மகள் இரண்டு பக்கெட்டையும் காட்டட்டும். "இது கம்பிக்கு, இது ஆளுக்கு." அண்ணன் பற்றவைக்காத மத்தாப்பைக் கையை நீட்டிப் பிடித்து, தலைகீழாகப் பக்கெட்டில் விடும் பயிற்சியைச் செய்யட்டும். பாட்டி கோலமாவுக் கோட்டைக் காட்டட்டும். அம்மா அகல் மேல் டப்பாவைக் கவிழ்த்துக் காட்டட்டும். கடைசியில் மகள் பாயில் உருண்டு காட்டட்டும். ஸ்டேட்டஸில் போட ஆசையாக இருந்தால் இதைப் போடலாம். பார்க்கும் இன்னொரு வீட்டிலும் இரண்டு பக்கெட் வைப்பார்கள்.

தீபாவளி அன்று போன் சட்டைப் பையில் இருக்கட்டும். எட்டு மணிக்கு எல்லாம் முடிந்து, தாத்தா கடைசி டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு "எத்தனை?" என்று கேட்கும்போது, பக்கெட்டுக்குள் எட்டிப் பார்த்து, பேத்தி "பத்து" என்று சொல்ல வேண்டும். அதைக் கேட்ட பிறகுதான் எல்லோரும் மாடி ஏற வேண்டும்.